சிலிண்டரை ஒப்படைக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கேள்வி: சென்னையிலிருந்து மதுரைக்கு வீடு மாற்றுகிறோம். நாங்கள் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை காலை லாரி வருகிறது. அதுவரை வீட்டில் சமைத்தாக வேண்டும். சமையலறையில் எதை முதலில் கட்டுவது, எதைக் கடைசியில் கட்டுவது?

பதில்: காலண்டரில் முதலில் குறிக்க வேண்டியது, சிலிண்டரை ஒப்படைக்கும் நாளை. ஊர் விட்டு ஊர் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டு 'டெர்மினேஷன் வவுச்சர்' வாங்க வேண்டும். மதுரையில் புது கனெக்‌ஷன் எடுக்க அதுதான் கேட்பார்கள். வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். ஏதாவது காகிதம் குறைந்தால் சரிசெய்ய சனிக்கிழமை கையில் இருக்கும்.

வெள்ளி மதியத்திலிருந்து மதுரையில் கேஸ் வரும்வரை இண்டக்‌ஷன் அடுப்புதான். இதை யோசிக்காமல் கட்டுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். கடைசிவரை வெளியே வைத்த குக்கர் அலுமினியமாக இருக்கும். இண்டக்‌ஷனில் அது சூடேறாது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். கெட்டியாகப் பிடித்தால் அந்தப் பாத்திரம் உதவும். எவர்சில்வரிலும் சிலவற்றில் பிடிக்காது, அதனால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அடி தட்டையான இரும்புத் தோசைக்கல் நன்றாகவே வேலை செய்யும்.

இனி வரிசை. எது அன்றாடச் சாமான் என்று மனக்கணக்கில் முடிவு செய்யாதீர்கள். இரண்டு வாரம் முன்பே அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, புழங்கிக் கழுவிய பாத்திரங்களை அந்தத் தட்டில் மட்டும் வைத்து வாருங்கள். ஏழு நாளாகியும் அங்கே வந்து சேராதது எல்லாம் பெட்டிக்குப் போகலாம். முறுக்கு அச்சு, பணியாரக்கல், விருந்துக்கு எடுக்கும் பெரிய பாத்திரங்கள், கூடுதல் மிக்ஸி ஜார் என்று சமையலறையில் பெரும்பகுதி இப்படிக் கழிந்துவிடும்.

அந்த மாதம் மளிகை மொத்தமாக வாங்க வேண்டாம். இருக்கும் அரிசி, பருப்பைத் தீர்த்துவிட்டு, குறைவதைக் கால் கிலோ, அரை கிலோவாக வாங்கிக்கொள்ளுங்கள். திறந்த எண்ணெய் பாட்டிலையும் ஊறுகாய் ஜாடியையும் லாரியில் ஏற்றக் கூடாது. ஒரு மூடி கசிந்தால் அந்தப் பெட்டி முழுவதும் பாழ்.

கிரைண்டரில் கடைசி மாவைப் புதன்கிழமை அரைத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் குழவிக் கல்லை வெளியே எடுத்து, பழைய துண்டில் சுற்றித் தனியாகக் கட்ட வேண்டும். கல்லை உள்ளேயே விட்டால் லாரி குலுங்கும்போதெல்லாம் அது நடுத்தண்டில் இடிக்கும். தண்டு வளைந்தால் பிறகு கிரைண்டர் ஒழுங்காகச் சுற்றாது. அந்த மாவு சனி காலை தோசையோடு தீரட்டும். அதற்குப் பிறகு ஃப்ரிட்ஜை அணைத்து, கதவைத் திறந்து வைத்து, ஈரத்தைத் துடைத்து உலரவிடுங்கள்.

பேக்கர்ஸுடன் போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். வாடிக்கையாளர் தானே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அதனால் எவர்சில்வர், பிளாஸ்டிக், மளிகை டப்பாக்களை நீங்கள் கட்டுங்கள். கண்ணாடி, பீங்கான், மைக்ரோவேவ் அடுப்பை அவர்கள் ஆட்களே உங்கள் கண் முன்னால் கட்டட்டும். கட்டும் முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள். இறக்கிய பிறகு பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று கையெழுத்துப் போட வேண்டாம்.

மிஞ்சுவது ஒரே ஒரு பெட்டி. இண்டக்‌ஷன் அடுப்பு, காந்தம் பிடித்த குக்கர், தோசைக்கல், மூன்று தட்டு, மூன்று டம்ளர், ஒரு கரண்டி, கத்தி, காபி ஃபில்டர், அஞ்சறைப் பெட்டி, உப்பு, சர்க்கரை, கால் லிட்டர் எண்ணெய், பாத்திரம் துலக்கும் நாரும் சோப்பும். புது வீட்டில் பால் காய்ச்சும் பாத்திரம் மேலாக இருக்கட்டும். அங்கே முதலில் கை தேடுவது அதைத்தான். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும் என்பதால், மதுரை வீட்டுச் சமையல் மேடையில் 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஞாயிறு காலை காபி குடித்த டம்ளரைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்த பிறகுதான் இந்தப் பெட்டியை ஒட்ட வேண்டும். ஆட்கள் வரும்போது சமையலறையில் இருந்தால் மற்ற பெட்டிகளோடு சேர்த்து ஏற்றிவிடுவார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே நீங்கள் போகிற காரில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.