கொத்தமல்லியில் சோப்பு வாசனை

கேள்வி: கொத்தமல்லித் தழை எனக்கு அப்படியே சோப்பு மாதிரி வாசனை அடிக்கிறது. கூடப் பிறந்த அக்காவுக்கு அது உயிர். "சாப்பிடாமல் இருக்க நடிக்கிறாய்" என்கிறாள். என் மூக்கில் ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை, நடிப்பும் இல்லை. நீங்கள் முகர்வது உண்மையாகவே அந்தத் தழையில் இருக்கிறது. கொத்தமல்லித் தழையின் வாசனையில் பெரும்பங்கு ஆல்டிஹைடு என்ற வகைச் சேர்மங்களுடையது. டெக்கனால், டோடெசினால் என்று அவற்றில் சில. இதே குடும்பத்துச் சேர்மங்கள் சோப்பு வாசனையிலும் உண்டு, நாற்றப்பூச்சியை நசுக்கினால் வருகிற வாடையிலும் உண்டு. அதனால் சோப்பு என்று நீங்கள் சொல்வது பொருத்தமான சொல்தான்.

அப்படியானால் அக்காவுக்கு ஏன் தெரியவில்லை? மூக்கின் மேற்பகுதியில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகள் சுமார் 400 வகை இருக்கின்றன, வகைக்கு ஒரு மரபணு. இந்த மரபணுக்களில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன எழுத்து மாற்றங்கள் உண்டு, ஒருவருக்கு நன்றாக வேலை செய்கிற ஏற்பி இன்னொருவருக்கு மந்தமாக இருக்கலாம். ஆக, ஒரே தழையை முகர்ந்தாலும் இரண்டு பேரின் மூளைக்கும் போகிற செய்தி ஒன்றல்ல. 2012இல் ஆயிரக்கணக்கானவர்களிடம் கொத்தமல்லி சோப்பு மாதிரி இருக்கிறதா என்று கேட்டு மரபணுவோடு ஒப்பிட்டார்கள். 11ஆவது குரோமோசோமில், வாசனை ஏற்பி மரபணுக்கள் கூட்டமாக இருக்கிற ஓர் இடத்தில் தொடர்பு தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் ஆல்டிஹைடுகளை நன்றாகப் பிடிக்கிற ஓஆர்6ஏ2 என்ற மரபணு மீதுதான் முக்கியச் சந்தேகம்.

கூடப் பிறந்தவர்களுக்குள் வித்தியாசம் வருவது இப்படி. ஒவ்வொரு மரபணுவிலும் அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி வருகிறது. அப்பாவிடம் இருக்கிற இரண்டில் எது உங்களுக்கு, எது அக்காவுக்கு என்பது காசு சுண்டிப் போடுவது மாதிரிதான், அம்மா பக்கமும் அப்படியே. ஆனால் மரபணுவே முழு விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாற்றம் விருப்பு வெறுப்பில் கொஞ்சத்தைத்தான் விளக்குகிறது, அது இருந்தும் சின்ன வயதிலிருந்தே சாப்பிட்டுப் பழகி ரசிப்பவர்கள் உண்டு.

அக்காவை உட்கார வைத்து ஒன்று செய்து பாருங்கள். இருவரும் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு தழையை மெல்லுங்கள், பச்சை இலையின் லேசான கசப்பு மட்டும்தான் தெரியும். மெல்லும்போதே மூக்கை விடுங்கள். வாயிலிருந்து தொண்டை வழியாக வாசனை மேலே ஏறும், உங்களுக்குச் சோப்பு வருவது அந்த நொடியில்தான், அவருக்கு வேறு ஏதோ வரும். அப்புறம் மல்லி விதையை நுணுக்கி முகருங்கள். அதில் பிரதானம் லினலூல் என்ற சேர்மம், மலரும் எலுமிச்சையும் கலந்த மணம், அதனால் தழையைத் தொடாத பலருக்கு விதை பிடிக்கும்.

சாப்பிட ஆசை இருந்தால், தழையை முழுசாகத் தூவாமல் நன்றாக அரைத்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். நசுங்கிய இலையில் நொதிகள் வேலை செய்து ஆல்டிஹைடுகளை வேறாக மாற்றுவதால் சோப்பு வாடை குறையும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் ஒதுக்கி வைத்துவிடுங்கள், அக்காவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.