கடைமடை விவசாயி, மேடையில் மூன்றாவது ஆள்
"திருவாரூரில் பாசனக் கலந்துரையாடல். எனக்கு முன்னால் நீர்வளத்துறைப் பொறியாளர், வேளாண் பேராசிரியர். தொடக்க உரை 5 நிமிடம். எதைப் பேசுவது?"

சார், முதலில் நெறியாளருக்கு ஒரு போன் போட்டு, அந்த இருவரும் எதைத் தொடப்போகிறார்கள் என்று கேளுங்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, 120 அடிக் கணக்கெல்லாம் பொறியாளர் சொல்லிவிடுவார். உங்களுக்கென்று மிச்சம் இருப்பது உங்கள் வாய்க்கால்தான். தண்ணீர் எந்தத் தேதியில் உங்கள் மதகைத் தொட்டது, அதற்குள் நாற்று எத்தனை நாள் முற்றிப்போனது? வணக்கம் முடிந்ததும் அதிலிருந்தே தொடங்குங்கள். அப்புறம் ஒரே ஒரு கோரிக்கை, கடைசியில் பொறியாளர் பதில் சொல்லியாக வேண்டிய ஒரு கேள்வி.

400 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். நிமிடத்துக்கு 100 என்றாலும் 4 நிமிடம் ஆகிவிடும். மிச்சத்தை "அவர்களே, அவர்களே" விளிப்பு தின்றுவிடும், நம் ஊர் மேடை அப்படி.

நடுவில் ஒரு பத்தியைப் பென்சிலால் கட்டம் கட்டி வையுங்கள். முன்னவர் அதைச் சொல்லிவிட்டால் "சார் சொன்னதுபோல" என்று தாண்டிவிடலாம். நான் ஒருமுறை அப்படிச் செய்யாமல், பேராசிரியர் சொன்ன கணக்கையே திரும்ப வாசித்தேன். முன்வரிசைப் பெரியவர் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.