சிவப்பு எழுத்து ஏன் கலங்குகிறது? மூன்று கேள்விகள்

கேள்வி: சாந்தி கல்யாண வீடியோ ஒன்றின் தொடக்கத்தில் கரும்பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் பெயர்கள் போட்டேன். எடிட்டிங் திரையில் கூர்மையாக இருந்தது, எம்பி4 ஆக்கியதும் கலங்கிவிட்டது. பிட்ரேட்டை 10 எம்பிபிஎஸ்-இலிருந்து 40-க்கு ஏற்றியும் பயன் இல்லை. (காரைக்குடி)

பதில்: பிட்ரேட்டில் தவறு இல்லை. வீடியோ ஒவ்வொரு புள்ளியையும் வெளிச்சம், நிறம் என்று பிரித்து வைக்கிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகவும் நிற வேறுபாட்டைச் சுமாராகவும் பார்ப்பதால், 4:2:0 முறையில் வெளிச்சம் முழுதாக இருக்கும். நிறம் மட்டும் இரண்டுக்கு இரண்டு, நான்கு புள்ளிகளுக்கு ஒன்று. இதைத்தான் குரோமா சப்சாம்ப்ளிங் என்கிறோம். உங்கள் 1920 x 1080 படத்தில் நிறத்தின் அளவு 960 x 540 மட்டுமே. நிறத்தின் முக்கால் பங்கு குறியாக்கத்துக்கு முன்பே போய்விடுவதால், எவ்வளவு பிட்ரேட் கொடுத்தாலும் திரும்பாது.

கருப்பில் வெள்ளை எழுத்து தப்பிவிடும், ஏனென்றால் அதன் விளிம்பு முழுவதும் வெளிச்சத்தில் இருக்கிறது. எச்டி வீடியோவில் வெளிச்சத்தில் சிவப்பின் பங்கு 21 சதவீதம், பச்சையின் பங்கு 72, நீலத்தின் பங்கு 7. முழுச் சிவப்பின் (255, 0, 0) வெளிச்சம் 54 வருகிறது. கரும்பச்சையின் (0, 76, 0) வெளிச்சமும் 54தான்! இரண்டுக்கும் இடையே வெளிச்ச விளிம்பே கிடையாது. எழுத்தின் உருவம் முழுவதையும் அந்தக் குறைந்த நிறமே சுமக்க வேண்டியிருக்கிறது.

ஒரு புள்ளி அகலச் செங்குத்துக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தைப் பகிரும் பக்கத்துப் புள்ளிகளின் ஜோடியில் ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. சராசரி (128, 38, 0), அதாவது மங்கிய பழுப்பு. கோடு இரண்டு புள்ளி அகலப் பழுப்பாக மாறிவிடும். கோடு இரண்டு புள்ளி அகலமாக இருந்து ஜோடிக்குள் சரியாக உட்கார்ந்தால் சிவப்பு அப்படியே நிற்கும். ஒரு புள்ளி தள்ளி விழுந்தால் நான்கு புள்ளியும் பழுப்பு. ஒரே பெயரில் ஓரெழுத்து தெளிவாகவும் அடுத்தது அழுக்காகவும் தெரிவது இதனால்தான். தமிழில் முதலில் அடிபடுவது மெய்யெழுத்தின் புள்ளியும் ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சிறு சுழிகளும்.

தீர்வு வெளிச்ச விளிம்பை உண்டாக்குவதே. மஞ்சள் எழுத்து (255, 255, 0) வைத்தால் வெளிச்சம் 237 வருகிறது, கரும்பச்சையின் மேல் நன்றாக நிற்கும். சிவப்புதான் வேண்டுமென்றால் 3 அல்லது 4 புள்ளி அகலத்தில் வெள்ளை வெளிக்கோடு கொடுங்கள், எழுத்தையும் தடிப்பாக்குங்கள். இன்னொரு வழி, தலைப்பை 3840 x 2160 திட்டத்தில் செய்து அந்த அளவிலேயே ஏற்றுமதி செய்வது: அப்போது நிறத்துக்கே 1920 x 1080 கிடைக்கும், 1080 திரையில் பார்ப்பவருக்குக் குறை தெரியாது. நிறத்தைக் குறைக்காத 4:4:4-இல் ஏற்றுமதி செய்யலாம், ஆனால் பல போன்களும் டிவிகளும் அதை ஓட்டாது.

கேள்வி: கண்டாங்கிச் சேலை விற்கிறோம். படத்தில் சேர்த்த சிவப்பு விலைக் குறிப்பு வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் சிதைகிறது. (கானாடுகாத்தான்)

பதில்: ஜேபெக்கிலும் இதே கதை, வெளிச்சக் கணக்கு மட்டும் வேறு: சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 சதவீதம். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் மறுபடி சுருக்கப்படும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். எழுத்துள்ள படத்தைப் பிஎன்ஜியில் வையுங்கள், அதில் நிறக் குறைப்பே இல்லை. ஜேபெக்தான் வேண்டுமென்றால் இமேஜ்மேஜிக் மென்பொருளில் இப்படி இரண்டு கோப்பு எடுத்து, 400 சதவீதம் பெரிதாக்கி ஒப்பிடுங்கள்:

```
magick a.png -sampling-factor 4:2:0 -quality 92 b.jpg
magick a.png -sampling-factor 4:4:4 -quality 92 c.jpg
```

b-யில் எழுத்தைச் சுற்றிப் பழுப்புக் கறை தெரிந்தால் காரணம் நிறக் குறைப்பு. இரண்டிலும் ஒரே மாதிரிக் கட்டம் கட்டமாக இருந்தால் தரம் போதவில்லை, அதற்கு quality-ஐ ஏற்ற வேண்டும். சேலையின் கட்டங்களிலும் கடுகு மஞ்சளுக்கும் கருப்புக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு பெரிது, அதனால் தாங்கும். அரக்குச் சிவப்பும் கருப்பும் சேரும் மெல்லிய கோடுகளையே கிட்டத்தில் எடுங்கள்.

கேள்வி: கடையில் கணினியை 4கே டிவியுடன் இணைத்திருக்கிறோம். பில் திரையில் சிவப்பு எழுத்து மட்டும் மங்கல். (தேவகோட்டை)

பதில்: இங்கே நிறத்தைக் குறைப்பது கணினியோ டிவியோதான், கோப்பு அல்ல. 4கே 60 ஹெர்ட்ஸில் முழு நிறத்துக்கு 18 ஜிபிபிஎஸ் தாங்கும் எச்டிஎம்ஐ 2.0 போர்ட்டும் கேபிளும் வேண்டும். குறைந்தால் கணினி 4:2:0-க்கு இறங்கக்கூடும். கிராபிக்ஸ் அமைப்பில் வெளியீட்டு நிறத்தை RGB அல்லது YCbCr 4:4:4 என்று வையுங்கள். அது கிடைக்காவிட்டால் 30 ஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள், பில் திரைக்கு அது போதும். பிறகு டிவியில் அந்த உள்ளீட்டின் பெயரை PC என்று மாற்றுங்கள். பல டிவிகள் இதைச் செய்யாதவரை, வந்த முழு நிறத்தையும் உள்ளே தாமே குறைத்துவிடும்.