ஃபியூச்சர்ஸ் ஆப்ஷனும் பங்கு ஆப்ஷனும் எங்கே வேறுபடுகின்றன?

"பங்கு ஆப்ஷன் பழக்கம் உண்டு. கச்சா எண்ணெய் ஃபியூச்சர்ஸ் மேலான ஆப்ஷனில் செட்டில்மென்ட், எக்ஸ்பைரி எப்படி மாறும்?"

கையில் என்ன வந்து சேரும் என்பதுதான் பெரிய வித்தியாசம். அமெரிக்காவில் 70 டாலர் ஸ்ட்ரைக்கில் ஒரு பங்கு கால் ஆப்ஷனை எக்சர்சைஸ் செய்தால், 7,000 டாலர் கட்டி 100 பங்குகளை வாங்கிக்கொள்கிறீர்கள், அதோடு கணக்கு முடிந்தது.

நியூயார்க்கின் நைமெக்ஸ் சந்தையில் கச்சா எண்ணெய்க்கான அதே 70 டாலர் கால் ஆப்ஷனை எக்சர்சைஸ் செய்தால் எண்ணெய் வராது, 70 டாலரில் வாங்கிய ஒரு ஃபியூச்சர்ஸ் பொசிஷன்தான் வரும். ஒரு ஒப்பந்தம் 1,000 பீப்பாய். ஃபியூச்சர்ஸ் அன்று 74-இல் முடிந்திருந்தால் 4,000 டாலர் உங்கள் கணக்கில் வரவாகும், ஆனால் அதற்கான மார்ஜின் இருக்க வேண்டும், அப்புறம் விலை இறங்கினால் நஷ்டம் தினமும் பணமாகவே கழியும். பிரீமியத்தோடு நஷ்டம் நின்றுவிடும் என்ற பாதுகாப்பு அந்த நிமிடமே போய்விடுகிறது, பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எக்ஸ்பைரியில் மாதப் பெயரை நம்பாதீர்கள். பங்கின் டிசம்பர் மாத ஆப்ஷன் டிசம்பர் மூன்றாம் வெள்ளியில் முடியும். எண்ணெயின் டிசம்பர் ஃபியூச்சர்ஸோ நவம்பர் 20 வாக்கிலேயே முடிகிறது, அதன் மாத ஆப்ஷன் அதற்கும் மூன்று வேலைநாள் முன்பே முடிந்துவிடும். லாபத்தில் இருந்தால் தானாகவே எக்சர்சைஸ் ஆகும், ஃபியூச்சர்ஸ் வேண்டாமென்றால் அதற்கு முன்பே ஆப்ஷனை விற்றுவிடுங்கள்.