நான்கு நாள் மௌனம்: எதற்குப் பயப்பட வேண்டும்?

"கல்யாணமாகி 9 வருடம். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் என் கணவர் நான்கைந்து நாள் என்னோடு பேசுவதில்லை. வெளியில் எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறார். செலவுக்குப் பணத்தை மேசைமேல் வைத்துவிடுவார். போன மாதம் இப்படி இருந்தபோது பாப்பாவுக்கு 103 டிகிரி காய்ச்சல், போன் செய்தேன், எடுக்கவில்லை. கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். நெஞ்சு படபடக்கிறது, ஈ.சி.ஜி., தைராய்டு எல்லாம் நார்மல். பக்கத்து வீட்டு அக்கா தந்த அல்பிரசோலம் பாதி போட்டுத் தூங்குகிறேன். இவர் 'நார்சிசிஸ்ட்' என்று யூடியூபில் பார்த்தேன். என்னைப் பிடிக்கவில்லையோ, விட்டுவிடுவாரோ?" – வாசகி, திருச்சி

உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது. மறுபடியும் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டாம். வீட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு நான்கு நாள் நடமாடினால் யாருக்கும் படபடக்கும். அல்பிரசோலத்தை அக்காவிடமே திருப்பிக் கொடுங்கள். எப்போதாவது ஒரு நாள் போட்டவர் என்றால் இன்றே நிறுத்தலாம். தினமும் சில வாரங்களாகப் போடுகிறீர்கள் என்றால் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரைப் பார்த்துப் படிப்படியாகக் குறையுங்கள். இன்னொருவருக்கு எழுதிய மாத்திரையில் உங்கள் வீட்டுச் சண்டை தீராது. ஆனால் அந்தப் பழக்கத்திலிருந்து மீள மாதக்கணக்கில் ஆகலாம். அந்த வீடியோக்களையும் நிறுத்துங்கள். தன்னையே பெரிதாக நினைக்கும் 'நார்சிசிஸ்டிக்' ஆளுமைக் கோளாறு என்பது நேரில் பலமுறை பேசிப் பார்த்துச் சொல்ல வேண்டிய நோய். பத்து நிமிட வீடியோவை வைத்துக் கணவருக்கு ஒட்டுகிற லேபிள் அல்ல.

நான் இரண்டு தடவை படித்தது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய காய்ச்சல் வரியை. கோபத்தில் பேசாமல் இருப்பது வேறு, குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோதும் போனை எடுக்காமல் இருப்பது வேறு. மௌனம் குழந்தையின் மருத்துவம், வீட்டுச் செலவு, நீங்கள் வெளியே போய்வருவது ஆகியவற்றைத் தொட்டுவிட்டால் அது கோபமாக மட்டும் இருக்க முடியாது. அழைத்தது காய்ச்சலுக்காக என்று அவருக்குத் தெரியுமா, வழக்கம்போல் சமாதானத்துக்கு அழைக்கிறீர்கள் என்று நினைத்து எடுக்காமல் விட்டாரா? இதை முதலில் தெளிவுபடுத்துங்கள். இனி அவசரம் என்றால் அழைப்பை மட்டும் நம்பாமல், "பாப்பாவுக்கு 103. ஆஸ்பத்திரி போறோம். உடனே வாங்க" என்று எழுதி அனுப்புங்கள். அவர் பதிலுக்குக் காத்திராமல் கிளம்புங்கள். அதற்கான பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் எப்போதும் இருக்கட்டும்.

தெரிந்தும் வராமல் இருந்தார் என்றாலோ, மௌன நாட்களில் பணம் நிற்கிறது, போனைப் பிடுங்குகிறார், அவரைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்றாலோ, கீழே நான் சொல்வது எதுவும் உங்களுக்கானது அல்ல. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டுமல்ல, மனரீதியான, பொருளாதார ரீதியான கொடுமைகளையும் வன்முறை என்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசுங்கள்.

அப்படி இல்லையென்றால், இப்போது உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். இந்த மௌனத்தை வைத்துப் பிடித்திருக்கிறதா, இல்லையா என்று சொல்லவே முடியாது. வெளியில் சிரித்துப் பேசுவது உங்களுக்கு வலிக்கிறது, புரிகிறது. ஆனால் மருத்துவராக எனக்கு அது ஒரு தகவல். மனச்சோர்வு நோயில் பெரும்பாலும் எல்லாரிடமும் பேச்சு குறையும். தூக்கமும் பசியும் கெடும். இவர் உங்களிடம் மட்டும், அதுவும் சண்டைக்குப் பிறகு மட்டும் வாயை மூடுகிறார்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், தம்பதிகளை வாதாட வைத்து அவர்களின் இதயத் துடிப்பை அளந்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது; இறங்குவதற்கு 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார். ஆகவே முதல் ஒரு மணி நேர மௌனத்தை உடம்பின் கணக்கில் எழுதலாம். மீதி நான்கு நாளை எழுத முடியாது. அது பழகிப்போனது. பழக்கியதில் உங்களுக்கும் பங்கு உண்டு, கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் பின்னாலேயே போகிறீர்கள், அழுகிறீர்கள், கடைசியில் செய்யாத தப்புக்கும் மன்னிப்புக் கேட்கிறீர்கள். பேசாமல் இருந்தால் பேச வேண்டிய விஷயத்தைப் பேசாமலே தப்பிக்கலாம் என்று அவர் கற்றுக்கொண்டார். மன்னிப்புக் கேட்டால் படபடப்பு நிற்கும் என்று நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். சண்டைக்கான காரணம் மட்டும் தீராமல் கிடக்கிறது. அடுத்த சண்டையில் அதுவே மீண்டும் கிளம்பும்.

உதாரணத்துக்கு, நாத்தனாருக்குப் பணம் அனுப்பியது பற்றிச் சனிக்கிழமை இரவு சண்டை என்று வைத்துக்கொள்வோம். அவர் வாயை மூடிக்கொண்டார். ஒரே ஒரு முறை, சாதாரணக் குரலில் சொல்லுங்கள்: "நீங்க கோவமா இருக்கீங்கன்னு தெரியுது. நாளைக்கு ராத்திரி பாப்பா தூங்கினதும் அந்தப் பணத்தைப் பத்திப் பேசலாம்." அவ்வளவுதான். அதன் பிறகு மெசேஜ் இல்லை, கதவைத் தட்டுவது இல்லை, மாமியாரிடம் முறையிடுவது இல்லை. பதிலுக்கு நீங்களும் மௌன விரதம் இருக்காதீர்கள். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்", "நாளைக்கு ஸ்கூல் லீவு" என்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஞாயிறு இரவு அவர் வரவில்லை என்றால் மறுநாளைக்கு நேரம் சொல்லுங்கள், மறுபடியும் ஒரே முறை. அவருடைய அம்மாவை இழுத்துப் பேசியிருந்தால் "அத்தையப் பத்திப் பேசினது தப்பு" என்று அந்த ஒன்றுக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். "எல்லாம் என் தப்புதான்" என்று சொல்லாதீர்கள்.

அவர் வாய் திறந்ததும் "ஏன் இத்தனை நாளா பேசல?" என்று ஆரம்பித்தால் கதவு மறுபடியும் மூடிக்கொள்ளும். பணத்தைப் பற்றியே பேசுங்கள், 20 நிமிடம் போதும். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்பதற்குப் பதில் "என்கிட்ட சொல்லாம அனுப்பினது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று தொடங்குங்கள். மௌனத்தைப் பற்றிய பேச்சு, சண்டை ஓய்ந்து ஒரு வாரமாவது ஆன பிறகு. அப்போது ஓர் ஒப்பந்தம் போடுங்கள்: கோபம் வந்தால் யார் வேண்டுமானாலும் விலகிப் போகலாம், ஆனால் எப்போது திரும்பிப் பேசுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அது 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பாப்பா சம்பந்தப்பட்ட எதற்கும் மௌனம் செல்லாது.

பலர் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. முதல் இரண்டு மூன்று முறை அவருடைய மௌனம் நீளலாம். நான்கு நாள் மௌனம் பலிக்கவில்லை என்றால் ஆறு நாள் இருந்து பார்ப்பார். ஐந்தாவது நாள் நீங்கள் உடைந்துபோய் மன்னிப்புக் கேட்டால், இனி ஐந்து நாள் தேவை என்பதைத்தான் அவருக்குக் கற்றுக்கொடுப்பீர்கள். எனவே அந்த நாட்களுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: யாரிடம் பேசுவீர்கள், எங்கே நடக்கப் போவீர்கள் என்று. காலண்டரில் எத்தனை நாள் நீடித்தது, யார் முதலில் பேசியது என்று குறித்து வாருங்கள். அந்த நேரத்தில் எல்லாம் ஒரே மாதிரி தோன்றும். குறிப்பில்தான் மாற்றம் தெரியும்.

"அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு" என்று பாப்பாவைத் தூது அனுப்பும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அவளுக்கு எல்லாம் தெரியும். தன்னால்தான் சண்டை என்று குழந்தைகள் நினைத்துக்கொள்வார்கள். "அம்மாவும் அப்பாவும் ஒரு விஷயத்துல கோவமா இருக்கோம். உன்னால இல்ல. பேசிச் சரி பண்ணிக்குவோம்" என்று சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதக் குறிப்பில் நாட்கள் குறையவில்லை என்றால் இருவரும் ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். "எனக்கு என்ன பைத்தியமா?" என்று அவர் மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள், காலண்டரையும் எடுத்துக்கொண்டு. இரவில் தாங்க முடியவில்லை என்றால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அக்காவின் மாத்திரை டப்பாவைத் தேடுவதற்கு முன் அந்த எண்ணை அழையுங்கள்.