ஈரத்தில் தோள் வரை, காய்ந்ததும் தாடைக்கு மேல்

கேள்வி: சிறு வயதிலிருந்தே எண்ணெய் வைத்துப் பின்னல் போட்டுத்தான் பழக்கம். இடுப்பு வரை இருந்த முடியைப் போன மாதம் தோள் வரை வெட்டச் சொன்னேன். நாற்காலியில் ஈரமாக இருந்தபோது சரியாகத் தோளைத் தொட்டது. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துக் காயவைத்தால் தாடைக்கு மேலே ஏறி, பக்கவாட்டில் விரிந்து நிற்கிறது. என் முடி லேசான நெளி என்றுதான் நினைத்திருந்தேன். இது நெளியா, சுருட்டையா? அடுத்த முறை என்ன சொல்லி வெட்டிக்கொள்ள வேண்டும்?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சுருட்டை முடிதான். இத்தனை வருடம் அதன் எடையே அதை இழுத்துப் பிடித்து நெளி போலக் காட்டியிருக்கிறது. இடுப்பளவு முடியின் பாரம் வேர்ப்பக்கத்தை நீட்டி வைத்திருக்கும். அதன்மேல் எண்ணெய், அதன்மேல் இறுக்கிய பின்னல். பாதிக்கு மேல் வெட்டியதும் பாரம் போய்விட்டது, சுருள் தன் இயல்புக்குத் திரும்பிவிட்டது.

முதலில் வகையை உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னலை அவிழ்த்த முடியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அந்த நெளிவு பின்னல் தந்தது, கோரை முடியிலும் அது விழும். எண்ணெய் இல்லாமல் நன்றாக அலசி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, சீப்பே போடாமல் தானாக உலர விடுங்கள். பிறகு சீப்பில் வந்த ஓர் உதிர்ந்த முடியை எடுத்து, தண்ணீரில் நனைத்து, வெள்ளைத்தாள் மேல் போட்டு, கை படாமல் காயவிடுங்கள். இந்த ஒற்றை முடி தலையைவிடத் தெளிவாகப் பேசும்.

நெளி முடி தாளின் மேல் படுத்துக்கிடக்கும். இடமும் வலமுமாக ஆற்றுப்பாதை போல வளையும், ஆனால் வட்டம் போடாது, தாளைவிட்டு எழும்பாது. சுருட்டை முடி வளையமாகச் சுற்றும், ஒரு பக்கம் தாளைவிட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கும். வளையத்தின் அகலம் சாக்பீஸ் கனத்துக்கு இருந்தால் தளர்ந்த சுருட்டை, பென்சில் கனத்துக்கு இருந்தால் இறுக்கமான சுருட்டை. மூன்றாவது வகையான இறுகிய சுருள், பேனா ரீஃபில் அளவுக்குச் சின்னதாக, வில்கம்பி போலச் சுற்றிக்கொண்டிருக்கும், அல்லது வளையமே இல்லாமல் பொடிப்பொடியாக மடிந்து மடிந்து போகும். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இது மிகுதி. நம்மிடையே குறைவுதான், ஆனால் பிடரியிலோ உச்சியிலோ மட்டும் இந்த வகை இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அழகு நிலையங்களில் 2, 3, 4 என்று எண் சொல்லி, கூடவே ஏ, பி, சி சேர்ப்பார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் 1990-களில் பரப்பிய முறை அது. 2 நெளி, 3 சுருட்டை, 4 இறுகிய சுருள். பேச்சுக்கு உதவும். ஆனால் கத்தரி எடுக்கும்போது அந்த எண்ணைவிட எனக்கு முக்கியமானது வேறொன்று: இந்த முடி காயும்போது எவ்வளவு ஏறும் என்பது.

முடிக்குள் கெரட்டின் என்ற புரத இழைகள் இருக்கின்றன. அவற்றை வடிவத்தில் பிடித்துவைக்கும் பிணைப்புகளில் ஒரு வகை தண்ணீர் பட்டால் தளர்ந்துவிடும். அதனால்தான் ஈர முடி சீப்புக்கு வளைந்து கொடுக்கிறது, இழுத்தால் நீள்கிறது. உலரும்போது அந்தப் பிணைப்புகள் மறுபடி உருவாகி, வேர்ப்பை தந்த வளைவுக்கே முடியைத் திருப்பிவிடும். ஆக, ஈரத்தில் சீப்பால் இழுத்துப் பிடித்து வெட்டிய கோடு, அந்த நொடியில் மட்டுமே உண்மை.

எவ்வளவு ஏறும் என்பதை அளந்துவிடலாம். தாளில் காய்ந்த அதே முடியின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அப்படியே அளங்கள். பிறகு இரு விரல்களால் நேராக இழுத்துப் பிடித்து அளங்கள். படுத்த நிலையில் 35 செ.மீ., இழுத்தால் 50 செ.மீ. என்றால், பத்தில் மூன்று பங்கு சுருங்குகிறது. தோராயமாக, நெளி முடி பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். சுருட்டை முடி கால் பங்கு முதல் பாதி வரை. இறுகிய சுருள் பாதி முதல் முக்கால் பங்கு வரைகூட. உதிர்ந்த முடியை அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலையில் தொங்கும் நீள முடியை அளந்தால் அதன் பாரம் கணக்கைக் குறைத்துக் காட்டும். வெட்டிய பின் அந்தப் பாரம் இருக்காது. தாளில் வரும் கணக்கு சற்றுக் கூடுதலாகச் சுருக்கம் காட்டும்தான். அது நல்லதே, கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டுவீர்கள்.

இப்போது உங்கள் தலைக்கு வருவோம். வகிட்டிலிருந்து காதோரமாகத் தோள் வரை 32 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஈரத்தில் இழுத்துப் பிடித்து 32-ல் வெட்டியிருக்கிறார்கள். பத்தில் மூன்று பங்கு போனால் மிச்சம் 22 செ.மீ. சொச்சம். அது தாடைக்கு மேலேதான் நிற்கும். காய்ந்தபின் தோளைத் தொட வேண்டுமென்றால் இழுத்த நிலையில் சுமார் 46 செ.மீ. இருந்திருக்க வேண்டும். அதாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது தோளைத் தாண்டி 14 செ.மீ. தொங்கியிருக்க வேண்டும். பார்த்தால் வெட்டவே இல்லாதது போலத் தெரியும். அந்த இடத்தில்தான் பலரும், வெட்டுபவரும் சரி, வெட்டிக்கொள்பவரும் சரி, பொறுமை இழந்து இன்னும் இரண்டு விரல் எடுத்துவிடுகிறார்கள்.

நீளம் திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்பதும் இதே கணக்கில் வரும். தலைமுடி மாதம் சுமார் ஒரு செ.மீ. வளரும். உங்களுக்கு அதில் கண்ணுக்குத் தெரிவது 7 மி.மீ. மட்டும். 14 செ.மீ. வளர 14 மாதம். சுருட்டை முடிக்காரர்கள் "என் முடி வளரவே மாட்டேன் என்கிறது" என்று வருந்துவதில் பாதி இந்தக் கணக்குதான். முடி வளர்கிறது, சுருளுக்குள் வளர்கிறது.

மூன்று வகையும் வெட்டுக்குப் பின் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. நெளி முடியில் நீளம் பெரிதாக ஏறாது, ஆனால் வேறொரு சிக்கல் வரும். ஒரு முழு நெளிவு உருவாகச் சில செ.மீ. நீளம் வேண்டும். அதைவிடக் குட்டையாக வெட்டினால் நெளிவு பாதியில் நின்று, நுனி வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். காதோரத்தில் இறக்கை முளைத்தது போல இருக்கும். நெளி முடிக்காரர்கள் மிகக் குட்டையாக வெட்டும் முன், தாளில் கிடக்கும் முடியில் ஒரு முழு நெளிவை அளந்து, குறைந்தது இரண்டு நெளிவாவது மிஞ்சும்படி கேட்க வேண்டும்.

இறுகிய சுருள் இதற்கு நேர் எதிர். ஒரு விரல் நீளத்திலேயே முழு வடிவமும் தெரிந்துவிடும். வெட்டினாலும் கீழே தொங்காது, எல்லாப் பக்கமும் வெளிநோக்கி நிற்கும். அங்கே நீளக்கோடு என்ற பேச்சே இல்லை, செடியை உருண்டையாகக் கத்தரிப்பது போல உருவத்தைத்தான் செதுக்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் இது புரியாமல், அப்படிப்பட்ட முடியோடு வந்த ஒரு கல்லூரி மாணவிக்கு ஈரத்தில் இழுத்து இழுத்து வரிசையாக வெட்டினேன். காய்ந்தபோது இடப்பக்கம் ஒரு உயரம், வலப்பக்கம் ஒரு உயரம். சமன் செய்யப்போய் அவர் கேட்டதைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. அன்றிலிருந்து முடியைக் காயவைத்துப் பார்க்காமல் யாருக்கும் நான் முதல் கோடு போடுவதில்லை.

சுருட்டையில் ஏறுவதோடு அகலமும் கூடும். உங்களுக்குப் பக்கவாட்டில் விரிவது அதனால்தான். எல்லா முடியையும் ஒரே கோட்டில் முடித்தால், உச்சிப் பகுதி மேலிருந்து அழுத்த, நுனிகள் எல்லாம் கீழே ஓரிடத்தில் குவிந்து முக்கோணம் போலாகிவிடும். அதற்கு மருந்தென்று பல் வைத்த கத்தரியால் உள்ளே அடர்த்தியைக் குறைக்கச் சிலர் முனைவார்கள். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சுருளின் நடுவே குட்டை முடிகளை உண்டாக்கும். அவை தனியாகச் சுருண்டு மேல்முடியை இன்னும் வெளியே தள்ளும். ஓரிரு மாதத்தில் பரட்டையாகத் தெரியும். நீளமான அடுக்குகளாக, சுருள் சுருளாகப் பிரித்து வெட்டுவதுதான் சரி.

இப்போதைக்கு, நீளத்தில் கை வைக்காதீர்கள். பக்கவாட்டு அகலம் மட்டும் பொறுக்க முடியவில்லை என்றால், காய்ந்த முடியில் மேல்பகுதிக்கு ஓரிரு அடுக்கு போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த முறை எண்ணெய் இல்லாமல் அலசி, முழுதாகக் காயவைத்து, பின்னலோ கொண்டையோ போடாமல் போங்கள். எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காய்ந்த முடியில் விரல் வைத்துக் காட்டுங்கள். "இழுக்காமல், காய்ந்த நிலையிலேயே வெட்டுங்கள்" என்று சொல்லுங்கள். ஈரத்தில்தான் வெட்டுவேன் என்றால், நீங்கள் போட்ட கணக்கை எடுத்துச் சொல்லி, அதற்கும் கீழே மூன்று விரல் விட்டு வெட்டிக் காயவைத்துப் பார்க்கக் கேளுங்கள். முடிந்ததும் சூடான காற்றில் நேராக்கிக் காட்டினால் அதை நம்பி எழுந்துவர வேண்டாம். சுருள் நிலையில் பார்த்துவிட்டுத்தான் எழ வேண்டும்.

இன்னொன்று. ஒரே தலையில் முடி ஒரே அளவு சுருங்குவதில்லை. நெற்றி, காதோரம், உச்சி, பிடரி என நான்கு இடத்திலும் ஒவ்வொரு சுருளாக இழுத்துவிட்டுப் பாருங்கள். உச்சியும் பிடரியும் வேறுபடுவது சாதாரணம். நெற்றி முடி வழக்கமாகக் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் கொஞ்சம் அதிகமாக எடுத்தாலும் உடனே தெரியும். அங்கே முதலில் வெட்ட விடாதீர்கள். பிடரியில் தொடங்கி, அது காய்ந்து எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகு, கடைசியாக முன்னால் வரச் சொல்லுங்கள்.