ஒன்பது மாதம் கழித்து கேஷ் கவுண்டருக்குத் திரும்புகிறார்

கேள்வி: நான் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஹெட் கேஷியர் சுமதி அக்கா (பெயரை மாற்றியிருக்கிறேன்) மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, ஒன்பது மாத லீவுக்குப் பிறகு வருகிற பத்தாம் தேதி டூட்டியில் சேருகிறார். கிளையில் ஆளுக்கொரு யோசனை. கேக் வெட்டி, சால்வை போர்த்தி வரவேற்கலாம் என்கிறார்கள் சிலர். ஒருவர் முள் சீத்தா இலை வாங்கி வைத்திருக்கிறார். "பாவம், இனிமே கேஷ் வேண்டாம், உள்ளே லைட்டா ஏதாவது வேலை கொடுத்துடலாம்" என்று மேனேஜர் முடிவே செய்துவிட்டார்.

எனக்கு அவரைப் பார்த்ததும் அழுகை வந்துவிடுமோ என்று பயம். கேட்கவும் நிறைய இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தார், வலி எப்படி இருந்தது, இப்போது முழுசாகச் சரியாகிவிட்டதா? கேட்டால் நோண்டுவதுபோல் ஆகுமா, கேட்காவிட்டால் அக்கறை இல்லை என்று நினைப்பாரா? வாடிக்கையாளர்களும் கட்டாயம் விசாரிப்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

- ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பத்தாம் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் நீங்கள் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள். கிளையே வரிசையாக அழைக்க வேண்டாம், ஒருவர் போதும். கேக், சால்வை, வாடிக்கையாளர் என்று நீங்கள் கேட்டிருப்பதில் பாதிக்கு அவரிடம்தான் பதில் இருக்கிறது. என்னிடம் இல்லை.

போனில் சுற்றி வளைக்காதீர்கள். "அக்கா, பத்தாம் தேதி வர்றீங்கன்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம். ரெண்டு விஷயம் கேட்டுக்கலாம்னு கூப்பிட்டேன். கேக் வாங்கலாம்னு பேச்சு இருக்கு, வேணுமா, சும்மா வழக்கம்போல விட்டுடலாமா? கஸ்டமர் யாராச்சும் கேட்டா என்ன சொல்லணும்?" இவ்வளவுதான். அவர் கேக் வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, அப்படியே செய்யுங்கள். சால்வையை மட்டும் அவரிடம் கேட்காமலே விட்டுவிடலாம் என்பேன். நம்மூர் ஆபீஸ்களில் சால்வை போர்த்துவது பெரும்பாலும் பணி ஓய்வு விழாவில். வேலைக்குத் திரும்பி வருகிறவரை வழியனுப்புவதுபோல் ஆகிவிடும். இரண்டாவது கேள்வியில் இன்னொன்றும் தெரிந்துவிடும். நோயின் பெயர் உங்களுக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எத்தனை பேருக்குத் தெரியலாம் என்பதை அவர் சொல்லட்டும். சொல்லாதவரை, போன வருஷம் புதிதாகச் சேர்ந்தவருக்குக்கூட நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

வேலை பற்றிய பேச்சு மேனேஜர் பேச வேண்டியது. அவர் இப்போது எடுத்திருக்கும் முடிவுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது. நல்ல மனதோடுதான் எடுத்திருப்பார். ஆனால் சிகிச்சையை முடித்துக்கொண்டு, டாக்டரிடம் ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வருகிற ஒருவர், தன் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பதைக் காலை பத்து மணிக்குப் பார்த்தால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்? "இனி உன்னால் முடியாது" என்று ஆபீஸ் சொல்லிவிட்டதாகத்தான்.

அதற்காக, ஒன்றும் நடக்காததுபோல் முதல் நாளே முழு கேஷையும் தலையில் கட்டுவதும் சரியல்ல. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு என்னென்ன மிஞ்சும் என்று மேனேஜர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கீமோவில் கொடுக்கும் சில மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போய், அது மாதக்கணக்கில் நீடிக்கலாம். நோட்டை எண்ண மெஷின் இருக்கிறது. ஆனால் கிழிந்ததையும் அழுக்கானதையும் பிரிப்பதும், கட்டுப் போடுவதும் விரலால்தானே? அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையில் நீர் கோத்து வீங்கும் வாய்ப்பு உண்டு. கனம் தூக்கும் வேலையைத் திடீரென்று ஆரம்பிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டச் சொல்வார்கள். நாணய மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். சோர்வு இன்னொன்று. அது தூங்கி எழுந்தாலும் போகாத சோர்வு, சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்தும் வரும். ஒரே நேரத்தில் இரண்டு வேலையில் கவனம் வைப்பதும், சட்டென்று ஒரு பெயரை நினைவுக்குக் கொண்டுவருவதும் சிலருக்குக் கொஞ்ச காலம் தடுமாறும்.

சுமதி அக்காவுக்கு இதில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், இரண்டு மூன்று இருக்கவும் செய்யலாம். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் மேனேஜர் தனியாக அழைத்து, "கேஷ் உங்களுடையதுதான் மேடம். முதல் மாசம் எப்படி வெச்சுக்கலாம்னு நீங்க சொல்லுங்க" என்று கேட்கட்டும். நோயைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கத் தேவையில்லை, வேலையைப் பற்றிக் கேட்டாலே போதும். காலையில் கவுண்டர், மதியத்துக்கு மேல் உள்வேலை என்று அக்கா சொல்லலாம். மூட்டையை மட்டும் வேறு யாராவது தூக்கினால் போதும், மற்றதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லலாம். கேஷில் குறைந்தால் கேஷியர் கைக்காசு என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பயம் அவருக்கும் இருக்கும், ஆகவே முதல் சில வாரம் கேஷே வேண்டாம் என்று அவரே கேட்கவும் கூடும். எதுவானாலும் ஒரு தேதி வைத்துக்கொள்ள வேண்டும். "அடுத்த மாசம் பத்தாம் தேதி திரும்பப் பேசுவோம்" என்று அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். தேதி வைக்காத லைட் வேலை அப்படியே நிரந்தரமாகிவிடுவதை நான் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். திரும்பக் கேட்கச் சம்பந்தப்பட்டவருக்கும் கூச்சமாகிவிடும்.

இனி அந்தக் காலை. "வாங்கக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று எப்போதும் கேட்கும் குரலிலேயே கேளுங்கள். இதற்குப் பதில் தயாராக இருக்கிறது, "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடலாம். சங்கடம் எங்கே வருகிறதென்றால், தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, "இப்ப எப்படி இருக்கு...?" என்று இழுப்பதில். அதற்கு அவர் ரிப்போர்ட் படிக்க வேண்டியதாகிறது. அதையே ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கேட்டால் பதினொரு மணிக்குள் தன் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார்? கேட்கிறவர்களுக்கு ஆறுதலும் அவர்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

முடி குட்டையாக இருக்கலாம், முன்பு இல்லாத சுருட்டையாக வளர்ந்திருக்கலாம், நகமும் தோலும் கறுத்திருக்கலாம். "கறுத்துட்டீங்களே", "இளைச்சிட்டீங்க" என்பதெல்லாம் நமக்கு விசாரிப்பு. அவருக்கு அது தினமும் கண்ணாடியில் பார்ப்பது. "முடி நல்லா வந்துடுச்சே!" என்று பாராட்டாகச் சொல்வதையும் தவிர்க்கலாம். பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். பார்வை ஒரு நொடி மார்புப் பக்கம் இறங்கினாலும் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் கவனித்துவிடுகிறார்கள்.

உங்களுக்கு அழுகை வந்தால் வரட்டும், குற்றமில்லை. "உங்களைப் பார்த்ததுல சந்தோஷம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அவர் எழுந்து வந்து உங்களைத் தேற்றும் நிலை வராமல் பார்த்துக்கொண்டால் சரி.

கேட்க நிறைய இருக்கிறது என்றீர்களே, அதற்கு நான் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். பதில் கிடைத்தால் நீங்கள் அவருக்காக எதையாவது மாற்றிச் செய்வீர்களா? "ஏசியைக் கூட்டவா, குறைக்கவா?" என்பது அப்படிப்பட்ட கேள்வி. இந்தச் சிகிச்சைக்குப் பின் பலர் வருஷக்கணக்கில் ஹார்மோன் மாத்திரை எடுக்கிறார்கள், அதில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பது சகஜம். எப்படிக் கண்டுபிடித்தார், வலி எப்படி இருந்தது என்பவற்றால் நீங்கள் எதையும் மாற்றப்போவதில்லை. "முழுசா சரியாயிடுச்சா?" என்பதற்கோ அவரிடமே பதில் இருக்காது. முதல் சில வருஷம் சில மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருப்பார், ஒவ்வொன்றுக்கும் முன்னால் தூக்கம் கெடும். நீங்கள் கேட்டால் உங்கள் மனம் சமாதானமாவதற்காக "ஆமா" என்று பொய் சொல்வார்.

எப்படிக் கண்டுபிடித்தார் என்று ஏன் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது என்றும் கொஞ்சம் யோசியுங்கள். பல பெண்களுக்கு அதன் அடியில் "எனக்கும் வருமோ" என்ற பயம் இருக்கும். நியாயமான பயம், அதற்குப் போக வேண்டிய இடம் வேறு. முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இந்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். ஒருமுறை போய் வாருங்கள். அக்காவிடம் கேட்க நினைப்பதில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அவராகவே ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால் கேளுங்கள். நடுவில் "எங்க சித்திக்கும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்துவிடாதீர்கள். பெரும்பாலும் அந்தச் சித்தி கதையின் முடிவில் உயிரோடு இருக்க மாட்டார்! மறுநாள் அந்தப் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம்.

முள் சீத்தா இலையை வாங்கியவரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மனிதர்களிடம் நிரூபிக்கப்படவில்லை. மாத்திரை எடுக்கிறவர் டாக்டரைக் கேட்காமல் எந்தக் கஷாயமும் குடிக்கக் கூடாது. கையில் கொடுத்துவிட்டால் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அவர்தான் நிற்பார்.

வாடிக்கையாளர்கள் விசாரிப்பதைத் தடுக்க முடியாது. ஒன்றாம் தேதி பென்ஷன் வாங்க வரும் பெரியவர்கள், "எங்கம்மா, ஆளையே காணோம்?" என்று வாஞ்சையோடுதான் கேட்பார்கள். அக்கா வேறு ஏதும் சொல்லாதவரை எல்லோரும் ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: "லீவுல இருந்தாங்க, வந்துட்டாங்க. டோக்கன் எத்தனை ஐயா?" இரண்டாவது வாக்கியத்தை உடனே சேர்ப்பது முக்கியம். இடைவெளி விட்டால் அடுத்த கேள்வி வந்துவிடும்.

முதல் வாரம் எல்லோரும் பார்த்துப் பார்த்து நடந்துகொள்வீர்கள். எனக்குக் கவலை மூன்றாவது வாரம்தான். மற்றவர்கள் மறந்திருப்பார்கள், அவருடைய சோர்வு மறந்திருக்காது. அப்படி ஒரு சாயங்காலம் கேஷில் ஐந்நூறு ரூபாய் உதைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவம் என்று நான்கு பேர் சேர்ந்து போட்டு, அவருக்குத் தெரியாமல் கணக்கை நேராக்கிவிடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். என்றாவது தெரியவந்தால், தன் கணக்கு சரியாக இருந்த நாட்களையும் அவர் சந்தேகப்படத் தொடங்குவார். வேறொரு கேஷியருக்கு உதைத்தால் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள். "அக்கா, ஐந்நூறு குறையுது, வாங்க பார்த்துடலாம்" என்று வவுச்சர்களை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.